ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை கிராம் கேஸ்?

கணக்கில் 6.4 கிராம் போதும். வீட்டு அடுப்பில் மூடி போட்டு, தீயை அளவாக வைத்தால் 12 கிராம் ஆகும். மூடி இல்லாமல், சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் 19 கிராம் வரை போகும். தண்ணீர் அதே ஒரு லிட்டர்தான், கொதிநிலையும் அதேதான். இந்த மூன்று எண்களுக்கும் நடுவே உள்ள கேஸ் எங்கே போகிறது என்பதை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால், அடுப்பில் எதைத் திருத்தினால் பலன் உண்டு, எதைத் திருத்துவது வீண் என்பது தெரிந்துவிடும்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதில் குழப்பம் இல்லை. குழப்பம் தொடக்க வெப்பநிலையில்தான். மே மாதத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் மதியத்தில் 40 டிகிரியைத் தொடும். மார்கழிக் காலையில் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் 26 டிகிரி அளவில் இருக்கும். நடுவாக 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஏற வேண்டியது 70 டிகிரி.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே,

1 × 4.18 × 70 = 293 கிலோஜூல்.

அடுத்து கேஸ். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாகக் கிடப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் ஒரு கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் அதிகம் மாறாது. கிலோவுக்கு 10,900 கிலோகலோரி, அதாவது கிராமுக்குச் சுமார் 45.6 கிலோஜூல் என்று எடுத்துக்கொள்ளலாம். 293-ஐ 45.6-ஆல் வகுத்தால் 6.4 கிராம். இது எரிந்த கேஸின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே போய்ச் சேர்ந்தால் மட்டும் வரும் எண். எந்த அடுப்பிலும் இது நடக்காது. ஆனாலும் மற்ற எண்களை ஒப்பிட இதுதான் அடிக்கல்.

டேங்குத் தண்ணீர் 40 டிகிரியில் இருந்தால் தேவை 251 கிலோஜூலாக இறங்கும். 26 டிகிரித் தண்ணீருக்கு 309. எரியும் கேஸின் வெப்பத்தில் 60 சதவீதம் அளவுதான் பாத்திரத்துக்குப் போகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். அந்தக் கணக்கில், வெயில் காலத்துக்கும் மார்கழிக்கும் அடுப்பில் லிட்டருக்கு இரண்டு கிராம் வித்தியாசம் இதிலேயே வந்துவிடுகிறது. ‘இந்த மாசம் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோச்சு’ என்று சொல்லும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இனி பாத்திரம். அடிப்பாகம் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு எவர்சில்வர் பாத்திரம், மூடியோடு சேர்த்து 650 கிராம் எடை. தண்ணீர் சூடாகும்போது இதுவும் கூடவே சூடாகிறது. ஆனால் ஒரு கிலோ எவர்சில்வரை ஒரு டிகிரி ஏற்ற அரை கிலோஜூல் போதும். 0.65 × 0.5 × 70 என்று போட்டால் 23 கிலோஜூல். அடுப்பில் அது ஒரு கிராமுக்கும் குறைவான கேஸ். கனமான பாத்திரம் கேஸைத் தின்னும் என்று சொல்வதில் உண்மை இவ்வளவுதான்.

ஆவியாகிப் போவது இதைவிடக் கவனிக்க வேண்டியது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 2.26 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மூடி இருந்தால் கொதி வரும் வரை ஐந்து கிராம் போகலாம், அது 11 கிலோஜூல். மூடி இல்லாமல் வைத்தால் அதே நேரத்தில் 25 கிராம் வரை போகும், அது 57 கிலோஜூல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடுப்பில் சுமார் ஒன்றே முக்கால் கிராம் கேஸ். கொதி வருவதற்கு முந்தைய கடைசி ஒரு நிமிடத்தில்தான் ஆவி அதிகம் போகிறது. ஆகையால் எட்டிப் பார்க்க மூடியைத் திறப்பதாக இருந்தால் அந்த நேரத்தில் திறக்காமல் இருப்பது நல்லது. மூடி தானே தடதடக்கும், அந்தச் சத்தமே போதும்.

இப்போது தண்ணீருக்கு 293, பாத்திரத்துக்கு 23, ஆவிக்கு 11. கூட்டினால் 327 கிலோஜூல். இது பாத்திரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம். அடுப்பு எரித்த கேஸில் எத்தனை பங்கு பாத்திரத்துக்குள் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி, கணக்கின் பெரிய ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4246. அதன்படி பர்னரின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அந்தச் சோதனை காற்று அசையாத அறையில், பர்னருக்குப் பொருத்தமான அளவுள்ள மூடிய அலுமினியப் பாத்திரத்தில், தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, கொதி வருவதற்கு முன்பே நிறுத்திச் செய்யப்படுவது. வீட்டில் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. சுத்தமான பர்னர், அகலமான பாத்திரம், அளவான தீ என்று வைத்தால் 60 சதவீதம் எதிர்பார்க்கலாம்.

327-ஐ 0.60-ஆல் வகுத்தால் 545 கிலோஜூல். அதை 45.6-ஆல் வகுத்தால் 12 கிராம்.

பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 160 கிராம் எரிக்கிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 2.67 கிராம். 12 கிராம் எரிய நாலரை நிமிடம். உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் கொதிக்க ஆறு ஏழு நிமிடம் ஆகிறதென்றால் ஒன்று பர்னர் சின்னது, இல்லையென்றால் வெப்பம் வழியில் போகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இந்தக் கணக்கில் சுமார் 1,180 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்.

அந்த நாற்பது சதவீதம் எங்கே போகிறது? பெரும்பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வெளியே போகும் சூடான வாயுவில் போகிறது. தீ பாத்திரத்தின் அடியில் மோதி, படர்ந்து, விளிம்பைத் தாண்டி மேலே போகும்போதும் அது இன்னும் பல நூறு டிகிரிச் சூட்டில்தான் இருக்கிறது. அடுப்பருகே நிற்கும்போது முகத்தில் அடிக்கும் அனலும், பாத்திரத்தின் பிடி கையைச் சுடுவதும் அதுதான். பர்னர் தலையும் கம்பித் தாங்கியும் சூடாவது மீதிச் சிறு பங்கு.

இந்த வாயு ஏன் தன் சூட்டைப் பாத்திரத்திடம் கொடுத்துவிட்டுப் போவதில்லை? தீக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே ஒட்டிக்கிடக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் தடை. வாயு வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தம். அதோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் தகட்டின் தடை ஒன்றுமே இல்லை. ஆகவே வெறும் தண்ணீர் கொதிக்க வைக்கத் தாமிர அடி போட்ட பாத்திரம் வாங்குவதால் கேஸ் மிச்சமாகாது. தாமிர அடி சூட்டைச் சீராகப் பரப்பும், பால் அடிபிடிக்காமல் காக்கும், அதன் பயன் அங்கேதான். போர் தண்ணீர் வரும் வீடுகளில் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும் உப்புப் பக்கும் அப்படியே. ஒரு மில்லிமீட்டர் படிந்திருந்தாலும் மொத்தத் தடையில் அது இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதனால் கேஸ் இரட்டிப்பாகப் போகிறது என்பது சரியில்லை. வெளியே படியும் கரியும் தன்னளவில் பெரிய இழப்பு இல்லை, ஆனால் அது வேறொரு கோளாறின் அடையாளம். அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை அடுப்பில் வைத்த முதல் நிமிடத்தில் அதன் அடியில் முத்து முத்தாக ஈரம் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில சொட்டுகள் பர்னரில் விழுந்து சுர்ரென்று சத்தம் போடும். பாத்திரம் ஒழுகுகிறது என்று நினைத்து மாற்றுகிறவர்களும் உண்டு. அது கேஸ் எரிந்து உண்டான நீராவி. ஒரு கிராம் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிராமுக்கு மேல் நீராவி உண்டாகிறது. பாத்திரத்தின் அடி குளிர்ந்திருக்கும் வரை அது அங்கே படிகிறது, சூடேறியதும் மறைந்துவிடுகிறது. பாத்திரத்தில் குறை எதுவும் இல்லை.

இப்போது 19 கிராம் கணக்கு. டீ போடும் சின்னப் பாத்திரம், அடி 14 சென்டிமீட்டர், எடை 250 கிராம், மூடி கிடையாது. பெரிய பர்னரில் முழுத் தீ. தண்ணீருக்கு 293, பாத்திரத்துக்கு 9, ஆவிக்கு 46, மொத்தம் 348 கிலோஜூல். தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் நக்கிக்கொண்டு போவதால் திறன் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 348-ஐ 0.40-ஆல் வகுத்து, அதை 45.6-ஆல் வகுத்தால் 19 கிராம். அதே பாத்திரத்தைச் சின்ன பர்னருக்கு மாற்றி ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினால் 13 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கொதிக்க இரண்டு நிமிடம் கூடுதலாகலாம். வேகமாகக் கொதிப்பதும் குறைவான கேஸில் கொதிப்பதும் ஒன்றல்ல என்பது இந்த இடத்தில் தெளிவாகத் தெரியும். நீல நாக்குகளின் நுனி பாத்திரத்தின் அடிவிளிம்புக்குள் அடங்கியிருந்தால் தீ சரி. வெளியே தெரிந்தால், தெரிகிற அளவுக்கு வீண்.

அதற்காகச் சிம்மில் வைத்தே கொதிக்க விடுவதும் சரியில்லை. தீ மிகவும் சின்னதானால் நேரம் நீள்கிறது, நீள நீளப் பாத்திரம் அறைக்கு விடும் சூடும் ஆவியும் சேர்ந்துகொண்டே போகின்றன. நடுத்தரத் தீயும் மூடியும் சேர்ந்தால் பெரும்பாலும் அதுதான் சிக்கனம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கிழக்குப் பார்த்த சமையலறைகளில் பிற்பகல் கடற்காற்று இறங்கியதும் தீ ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த தீ பாத்திரத்தின் அடியில் பாதியைத்தான் தொடுகிறது, மேற்கொண்டு குளிர்ந்த காற்றும் அந்தச் சூடான வாயுவோடு கலந்துவிடுகிறது. திறன் எவ்வளவு இறங்கும் என்பது காற்றைப் பொறுத்தது, ஆனால் நேரத்தை அளந்தால் தெரிந்துவிடும். ஜன்னலை முழுக்க அடைப்பது தவறு, எரிந்த வாயு வெளியே போகவும் புதுக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். அடுப்பை ஜன்னலுக்கு நேராக இல்லாமல் ஓர் அடி நகர்த்துவதோ, அடுப்பு உயரம் வரையுள்ள கீழ்க் கதவை மட்டும் சாத்துவதோ போதும்.

அதே கடற்காற்றின் உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. பர்னருக்குக் கீழே கேஸும் காற்றும் கலக்கும் குழாய் இரும்பாக இருந்தால் உள்ளே துரு உதிரும், வழி குறுகும். கரப்பான் முட்டையோ சிலந்திக் கூடோ அடைத்துக்கொள்வதும் உண்டு. பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னர் துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். எப்படி நடந்தாலும் கேஸோடு முன்கூட்டியே கலக்கும் காற்று குறைகிறது. தீ நீலம் இழந்து மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. கரி என்பது எரியாமல் போன கேஸ். அதோடு கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால், இதைச் சிக்கனத்துக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும் உடனே சரிசெய்ய வேண்டும். பர்னர் தலையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துத் துளைகளைத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் தீ நீலமாகிவிடும். ஆகாவிட்டால் அடுப்பு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுக் கலப்புக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. குழாயின் தொடக்கத்தில் இருக்கும் பித்தளை ஜெட்டின் துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. அந்தத் துளையின் அளவுதான் எவ்வளவு கேஸ் வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் மாறாமல் இருக்க, துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும், காற்று அதற்கு ஈடாக வராது. ‘சர்வீஸ் பண்ணின பிறகு தீ நல்லா பெருசா வருது’ என்று சந்தோஷப்படுகிற அடுப்புகளில் சிலவற்றில் நடந்திருப்பது இதுதான். துளை அடைத்திருந்தால் புது ஜெட் மாற்றுவதே சரி, விலையும் குறைவு.

உங்கள் அடுப்பின் உண்மையான எண் என்ன என்பதை வீட்டிலேயே அளக்கலாம். இரும்பும் கேஸுமாக முப்பது கிலோ கனக்கும் சிலிண்டரில் 12 கிராம் குறைவதை எந்த வீட்டுத் தராசும் காட்டாது. அதனால் தண்ணீரை எடைபோடுவதே எளிய வழி. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, மூடாமல், முழுத் தீயில் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதித்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் துணியால் பிடித்து, தராசின் மேல் ஒரு மரப்பலகை வைத்து எடை பாருங்கள். மீண்டும் அடுப்பில் ஏற்றி, கொதி திரும்பியதிலிருந்து சரியாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடை 310 கிராம் என்று வைத்துக்கொண்டால், 310 × 2.26 = 700 கிலோஜூல் தண்ணீருக்குள் போயிருக்கிறது. மணிக்கு 160 கிராம் எரிக்கும் பர்னர் பத்து நிமிடத்தில் 26.7 கிராம் எரித்திருக்கும், அதன் வெப்பம் 1,217 கிலோஜூல். 700-ஐ அதனால் வகுத்தால் 58 சதவீதம்.

இதில் பலவீனமான கண்ணி அந்த 160. அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருப்பது புது அடுப்புக்கான எண். அதைச் சரிபார்க்க, மீன் வியாபாரிகள் கையில் வைத்திருக்கும் கொக்கித் தராசு உதவும். 50 கிலோ வரை தூக்கிப் பத்து கிராம் படியில் காட்டுவது நல்லது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் தூக்கி எடை பாருங்கள். பிறகு அந்தப் பெரிய பர்னரை மட்டும் முழுத் தீயில் பயன்படுத்தி, எரிந்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். குளிக்க வெந்நீர் போடும் நாட்களில் இது தானாகவே சேர்ந்துவிடும். மூன்று மணி நேரம் சேர்ந்ததும் மறுபடி எடை பார்த்து வகுத்தால், தராசின் பத்து கிராம் பிழை பொருட்டாகாது. ஒரே ஒரு மணி நேரத்தில் முடிவு கட்டினால் பிழை ஆறு சதவீதத்தைத் தொடும்.

மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனை இன்னொன்றையும் காட்டிவிடுகிறது, இந்த வட்டாரத்தில் கேஸ் அதிகம் போகும் வழியும் அதுதான். குடிதண்ணீரைக் காய்ச்சுகிற வீடுகளில் கொதி வந்த பிறகும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் தளதளக்க விடுவது வழக்கம். ஐந்து லிட்டர் காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு 1,463, அதற்கேற்ற பெரிய பாத்திரத்துக்கு 42, ஆவிக்கு 25, மொத்தம் 1,530 கிலோஜூல். 60 சதவீதத் திறனில் இதற்கு 56 கிராம் கேஸ், 21 நிமிடம். அதன் பிறகு முழுத் தீயில் பத்து நிமிடம் கொதித்தால் இன்னும் 27 கிராம். தண்ணீர் ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. 100 டிகிரியிலேயே நிற்கிறது, உள்ளே போகும் வெப்பம் முழுவதும் ஆவியாக வெளியேறுகிறது. மூடி போட்டாலும் முழுத் தீயில் இதைத் தடுக்க முடியாது, விளிம்பு வழியாகப் போய்விடும். தினமும் இப்படிச் செய்தால் மாதம் 800 கிராம், ஒன்றரை வருடத்துக்கு ஒரு சிலிண்டர் இந்தப் பத்து நிமிடத்துக்கே.

கிருமி சாக அவ்வளவு நேரம் தேவையில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால் போதும், பிறகு தானாக ஆறவிடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நோய் பரப்பும் பாக்டீரியாவும் வைரஸும் 100 டிகிரியை எட்டும் முன்பே சாகத் தொடங்கிவிடுகின்றன, அணைத்த பிறகும் தண்ணீர் வெகுநேரம் சூடாகவே இருக்கிறது. மனநிறைவுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் மூன்று கிராமுக்குள் முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது, பாத்திரத்தின் ஓரத்தில் வரும் சின்னக் குமிழிகளைக் கொதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது, அறுபது எழுபது டிகிரியிலேயே வரும். அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்து மேற்பரப்பு முழுவதும் புரள வேண்டும்.

கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால் உப்புக் குறையும் என்ற நம்பிக்கையும் உண்டு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் உவர்ப்பான நிலத்தடி நீர் வரும் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கலாம். கொதிக்கும்போது சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி வெள்ளையாகப் படிந்து பிரியும், அது உண்மை. சோற்றுப்பால் வரும் உவர்ப்பு பிரியாது. பத்து நிமிடத்தில் முந்நூறு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போனால், கரைந்திருந்த அந்த உப்பு முழுவதும் மீதித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அதிகம் கொதிக்க வைத்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கரிப்பது அதனால்தான்.